பெல் சமனிலி: முன்கூட்டியே எழுதிவைத்த விடைகள் எங்கே தோற்கின்றன

கேள்வி: இந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்தேன். பிணைந்த ஃபோட்டான்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம். ஒரு ஜோடிச் செருப்பைப் பிரித்து இரண்டு பெட்டிகளில் போட்டு இரண்டு ஊருக்கு அனுப்பினால், ஒரு பெட்டியைத் திறந்ததுமே மற்றதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். இதுவும் அப்படித்தானே, இதில் என்ன அதிசயம்? இல்லை என்று ஒரு சமனிலி நிரூபிக்கிறதாம். காகிதத்தில் எழுதிய ஒரு சமனிலி இயற்கையைப் பற்றி எப்படி முடிவு சொல்ல முடியும்?

பதில்:

செருப்பு உதாரணம் முட்டாள்தனமானது இல்லை. 1935-இல் ஐன்ஸ்டீனும் பொடோல்ஸ்கியும் ரோசனும் எழுதிய கட்டுரையின் அடிப்படை எண்ணம் ஏறக்குறைய இதுதான்: தொலைவில் இருக்கும் பொருளைத் தொடாமலே அதன் விடையை உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அந்த விடை முன்பே அதனிடம் இருந்திருக்க வேண்டும். அந்த மறைந்திருக்கும் தகவலைத்தான் மறைமாறி என்கிறார்கள். ஒரு இடத்தில் செய்கிற காரியம் இன்னொரு இடத்தில் நடப்பதை உடனே மாற்றாது என்பதையும் சேர்த்துக்கொண்டால் அது இடஞ்சார்ந்த மறைமாறி. ஏறத்தாழ முப்பது வருடம் இது விருப்பு வெறுப்பு சார்ந்த விவாதமாகவே ஓடியது. 1964-இல் ஜான் பெல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒரே ஒரு கேள்வியைக் கேட்கும்வரை செருப்பு விளக்கத்தை யாராலும் அசைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு துகளிடமும் பல கேள்விகளில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வைத்தால், முன்பே எழுதிவைத்த விடைகளுக்கு ஒரு எண்கணித எல்லை வந்துவிடுகிறது, அந்த எல்லையை ஆய்வகத்தில் அளந்து பார்க்கலாம். இரண்டு பெட்டியையும் திறந்து "இடதா வலதா" என்று மட்டும் பார்ப்பது அந்த எல்லையைத் தொடவே தொடாது.

உங்கள் பாடப்புத்தகத்தில் மாலஸ் விதி இருந்திருக்கும். தளவிளைவு அடைந்த ஒளி, தன் தளத்துக்கு θ கோணத்தில் சாய்ந்த போலராய்டின் மீது விழுந்தால் cos²θ பங்கு கடந்து போகும். ஒற்றை ஃபோட்டானுக்கு வரும்போது அதே cos²θ கடந்து போவதற்கான நிகழ்தகவு ஆகிறது, ஏனென்றால் பாதி ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது, போனால் முழுதாகப் போகும், இல்லையென்றால் தடுக்கப்படும். இப்போது ஒரு மூலத்திலிருந்து ஜோடி ஜோடியாக ஃபோட்டான்கள் வருகின்றன, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இரண்டு பக்கமும் ஒரு போலராய்டு, பின்னால் ஒரு உணர்கருவி. நாம் எடுத்துக்கொள்ளும் பிணைந்த நிலையில் இரண்டு விஷயங்கள் சோதனையில் தெரிகின்றன. எந்தப் பக்கத்தைத் தனியாகப் பார்த்தாலும், எந்தக் கோணத்திலும், பாதி கடக்கும், பாதி தடுக்கப்படும். இரண்டு போலராய்டுகளையும் ஒரே கோணத்தில் வைத்தால் இரண்டு ஃபோட்டானும் எப்போதும் ஒரே விடை தரும், இரண்டும் கடக்கும் அல்லது இரண்டும் நிற்கும்.

கோணங்கள் மூன்றுதான் என்று வைத்துக்கொள்வோம்: 0°, 60°, 120°. ஒவ்வொரு ஜோடிக்கும் இடப்பக்கம் ஒரு கோணத்தையும் வலப்பக்கம் ஒரு கோணத்தையும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கிறோம், ஃபோட்டான்கள் கிளம்பிய பிறகு. உங்கள் விளக்கப்படி போகலாம். எந்தக் கோணத்தைக் கேட்பார்கள் என்று ஃபோட்டானுக்குத் தெரியாது, மறுபக்கம் எதைக் கேட்டார்கள் என்பதும் அதற்கு எட்டாது. இருந்தும் ஒரே கோணம் வந்தால் விடைகள் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அப்படியானால் இரண்டும் கிளம்பும்போதே மூன்று கோணங்களுக்கும் விடை எழுதிய ஒரே மாதிரியான அட்டையைக் கையில் வைத்திருந்தாக வேண்டும், வேறு வழியில்லை. "0°-க்கு ஆம், 60°-க்கு ஆம், 120°-க்கு இல்லை" என்பது போல. அப்படி மொத்தம் எட்டு அட்டைகள்தான் சாத்தியம்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள், பெல்லின் வாதத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மூன்று கேள்விகள், இரண்டே விதமான விடைகள். அப்படியென்றால் குறைந்தது இரண்டு கேள்விகளுக்காவது ஒரே விடை இருந்தே தீரும். வெவ்வேறு கோண ஜோடிகள் மூன்று உண்டு: 0°–60°, 60°–120°, 0°–120°. எந்த அட்டையை எடுத்தாலும் இந்த மூன்றில் ஒன்றிலாவது விடைகள் ஒத்துப்போகும். எல்லாம் "ஆம்" அல்லது எல்லாம் "இல்லை" என்றால் மூன்றிலும் ஒத்துப்போகும், மற்ற ஆறு அட்டைகளில் சரியாக ஒன்றில். ஆக, மூலம் எந்த அட்டையை எத்தனை தடவை அனுப்பினாலும், கோணங்களை நாம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும்வரை, வெவ்வேறு கோணங்கள் வந்த ஜோடிகளில் மூன்றில் ஒரு பங்காவது ஒத்துப்போக வேண்டும். 1200 ஜோடிகள் என்றால் புள்ளியியல் ஏற்ற இறக்கம் போக 400-க்குக் குறையக் கூடாது. இதுதான் சமனிலி. இதில் குவாண்டம் இயற்பியல் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள், வெறும் எண்ணிக்கைதான். அதனால்தான் இதற்கு இவ்வளவு பலம்: அந்த மறைமாறி என்ன, எப்படி வேலை செய்கிறது என்று எதுவும் தெரியாமலே, அந்த வகையைச் சேர்ந்த எல்லாக் கோட்பாடுகளையும் மொத்தமாக இது கட்டுப்படுத்துகிறது.

குவாண்டம் கணக்கு வேறு சொல்கிறது. இடப்பக்கம் 0°-இல் ஃபோட்டான் கடந்துவிட்டால், வலப்பக்கத்தது 0°-இல் தளவிளைவு அடைந்தது போலவே நடந்துகொள்ளும். அங்கே போலராய்டு 60°-இல் இருந்தால் அது கடக்கும் நிகழ்தகவு cos²60°, அதாவது 1/4. இடப்பக்கம் தடுக்கப்பட்டாலும் இதே கணக்குதான், வலப்பக்கம் தடுக்கப்படும் நிகழ்தகவு 1/4. 120° வித்தியாசத்துக்கும் cos²120° = 1/4. எனவே 1200-இல் 300 ஜோடிகள்தான் ஒத்துப்போகும். அட்டைகளால் 400-க்குக் கீழே இறங்கவே முடியாது, இயற்கை 300 என்கிறது. உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு விடை இதுதான். சமனிலி தனியாக எதையும் முடிவு செய்வதில்லை. அது ஒரு எல்லையைக் குறித்துக் கொடுக்கிறது, அளவீடு அதைத் தாண்டுகிறது, அதனால் அந்த எல்லைக்குக் காரணமாக இருந்த அனுமானங்களில் ஏதோ ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டியிருக்கிறது.

சரி, உண்மையான ஆய்வகத்தில் ஒரே கோணம் வந்தால் 100 சதவீதமும் ஒத்துப்போகுமா? போகாது, 97, 98 சதவீதம் வந்தாலே நல்ல அமைப்பு. நம் வாதமோ அந்தக் கச்சிதமான ஒற்றுமையை நம்பித்தான் அட்டைக்கு வந்தது. இந்தச் சிக்கலை 1969-இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் என்ற நால்வர் தீர்த்தார்கள். அவர்கள் வடிவத்தில் இடப்பக்கம் இரண்டு கோணங்கள், வலப்பக்கம் வேறு இரண்டு கோணங்கள். கடந்தால் +1, தடுக்கப்பட்டால் −1. இடப்பக்க விடைகளை A, A′ என்றும் வலப்பக்க விடைகளை B, B′ என்றும் எழுதினால், அவர்கள் பார்க்கச் சொன்ன கூட்டல் இது:

S = AB − AB′ + A′B + A′B′ = A(B − B′) + A′(B + B′)

B-யும் B′-உம் சமம் என்றால் முதல் அடைப்பு பூஜ்யம், இரண்டாவது ±2. எதிரெதிர் என்றால் முதலாவது ±2, இரண்டாவது பூஜ்யம். எப்படிப் பார்த்தாலும் ஒவ்வொரு ஜோடிக்கும் S என்பது +2 அல்லது −2, ஆகவே சராசரி 2-ஐத் தாண்ட முடியாது. கச்சிதமான ஒற்றுமை எதுவும் இங்கே தேவைப்படவில்லை. இடப்பக்கம் 0°, 45°, வலப்பக்கம் 22.5°, 67.5° என்று வைத்தால் குவாண்டம் கணக்கில் ஒவ்வொரு பெருக்கலின் சராசரியும் cos 2θ. மூன்றுக்கு 0.707 வரும், கழிக்கிற அந்த ஒன்றுக்கு −0.707. மொத்தம் 2.83, துல்லியமாக 2√2. குவாண்டம் இயற்பியலாலும் இதற்கு மேல் போக முடியாது என்று 1980-இல் சிரெல்சன் காட்டினார்.

பல வருடங்களாகக் கல்லூரி மாணவர்களோடு இந்தச் சோதனையை மேசையில் அமைத்து வருகிறேன், அதனால் உங்கள் செருப்பு நிஜமாகவே எங்கே எட்டிப் பார்க்கும் என்று சொல்ல முடியும். 405 நானோமீட்டர் ஊதா லேசரை பிபிஓ என்ற படிகத்தில் செலுத்தினால், மிக அரிதாக ஒரு ஃபோட்டான் 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகப் பிரியும். மெல்லிய படிகங்கள் இரண்டை 90° திருப்பி ஒட்டிவைத்தால், ஜோடி முதல் படிகத்தில் பிறந்ததா இரண்டாவதிலா என்று பிரித்தறிய வழியில்லாதபோது பிணைந்த நிலை கிடைக்கிறது. சில நானோ விநாடிக்குள் இரண்டு பக்கமும் பதிவானவற்றை மட்டும் ஜோடி என்று எண்ணுகிறோம். மாணவர்கள் முதலில் இரண்டு போலராய்டுகளையும் 0°-இல் வைத்துப் பார்ப்பார்கள், ஒற்றுமை அருமையாக இருக்கும், சந்தோஷப்படுவார்கள். அப்புறம் S கணக்கிட்டால் 1.4 என்று வந்து நிற்கும். காரணம் கண்டுபிடிக்க இரண்டையும் 45°-இல் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒற்றுமை வெறும் 50 சதவீதமாக இருந்தால், படிகங்கள் சரியாக ஈடுசெய்யப்படாமல், எந்தப் படிகம் என்ற தகவல் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அப்போது கிடைப்பது சாதாரணக் கலவை: பாதி ஜோடிகள் இரண்டும் கிடைத்தளம், மீதி ஜோடிகள் இரண்டும் செங்குத்து. அச்சு அசல் செருப்பு ஜோடிதான். 0°-இல் கேட்டால் கச்சிதமாகப் பதில் சொல்லும், 45°-இல் கேட்டால் நாணயம் சுண்டிய மாதிரி விடை வரும், அதே நான்கு கோணங்களில் அதன் S 1.41-தான், எந்தக் கோணங்களை மாற்றிப் போட்டாலும் அது 2-ஐத் தாண்டாது. ஈடுசெய்யும் படிகத்தை மெல்லச் சாய்த்து 45°-இலும் ஒற்றுமையை மீட்டெடுத்தால்தான் S 2-க்கு மேலே ஏறும். ஆகவே உங்கள் விளக்கம் கற்பனையில் மட்டும் தோற்கிற ஒன்று இல்லை, அதை ஆய்வகத்தில் உருவாக்கி, அளந்து, பிணைந்த ஜோடியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

ஆனால் கல்லூரி மேசையில் S 2.5 வந்துவிட்டதால் மறைமாறிகள் ஒழிந்தன என்று நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. அந்தச் சோதனையில் ஓட்டைகள் இருக்கின்றன. முக்கியமானது, பெரும்பாலான ஃபோட்டான்களை நம் உணர்கருவிகள் தவறவிட்டுவிடுகின்றன. அதனால் என்ன, கிடைத்தவை ஒரு நல்ல மாதிரிதானே என்று தோன்றும். தோன்றலாம், ஆனால் அட்டைக்கு "பதில் சொல்லாதே" என்று ஒரு மூன்றாவது விடையையும் அனுமதித்தால் என்ன ஆகிறது பாருங்கள். மறுபடி அந்த மூன்று கோணங்களையே எடுத்துக்கொள்வோம். அட்டை "ஆம், ஆம், இல்லை". இடப்பக்க ஃபோட்டானுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: முதல் கோணத்தைக் கேட்டால் காணாமல் போய்விடு. இப்போது வெவ்வேறு கோணங்கள் வரும் ஆறு வாய்ப்புகளில், இடப்பக்கம் முதல் கோணம் கேட்கப்பட்ட இரண்டு பதிவாகாது. மிச்சம் நான்கு. இடம் இரண்டு, வலம் ஒன்று என்றால் ஒத்துப்போகும், மற்ற மூன்றிலும் ஒத்துப்போகாது. நான்கில் ஒன்று! ஒரே கோணம் கேட்டு, பதிவும் ஆனால், எப்போதும் ஒற்றுமை. கோணங்களின் பெயர்களையும் ஆம்-இல்லைகளையும் ஜோடிக்கு ஜோடி தற்செயலாக மாற்றிக்கொண்டே போனால் குவாண்டம் எண்கள் அப்படியே வந்துவிடுகின்றன, வெறும் அட்டைகளை வைத்து, இடப்பக்கம் மூன்றில் ஒன்றைத் தொலைத்ததன் மூலம். அதனால் உணர்திறன் பிரச்சினையைச் சில்லறைக் குறை என்று ஒதுக்க முடியாது. நால்வரின் சமனிலிக்கு, முழுமையாகப் பிணைந்த ஜோடிகளை வைத்துக்கொண்டு இந்த ஓட்டையை அடைக்க இரண்டு பக்கமும் சுமார் 83 சதவீதத்துக்கு மேல் பிடித்தாக வேண்டும். முழுமையாகப் பிணையாத ஜோடிகளை வேண்டுமென்றே பயன்படுத்தினால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் மேலே போதும் என்று 1993-இல் எபர்ஹார்ட் காட்டினார், நடைமுறையில் பெரிதும் உதவியது அதுதான்.

இன்னொரு ஓட்டை தூரம். ஒரு பக்கம் தேர்ந்தெடுத்த கோணம் என்னவென்று ஒளிவேகத்தில் மறுபக்கம் போய்ச் சேர நேரம் இருந்தால், இரண்டும் பேசிவைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு திறந்தே இருக்கும். 1972-இல் பெர்க்லியில் ஃப்ரீட்மனும் கிளாசரும் செய்த முதல் சோதனையில் போலராய்டுகள் முன்கூட்டியே வைக்கப்பட்டவை. 1982-இல் பாரிஸுக்கு அருகே ஓர்சேயில் ஆஸ்பேவின் குழு, ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே எந்தப் போலராய்டுக்கு அவை போக வேண்டும் என்று மாற்றியது. ஆனால் அந்த மாற்றம் சீரான அதிர்வாக இருந்ததே தவிர உண்மையான தற்செயல் இல்லை. 1998-இல் இன்ஸ்புரூக்கில் ஸைலிங்கரின் குழு 400 மீட்டர் இடைவெளியில், தற்செயல் எண் கருவிகளை வைத்து இதைச் சரிசெய்தது, ஆனால் பெரும்பாலான ஃபோட்டான்கள் அப்போதும் தவறிப்போயின. இரண்டு ஓட்டைகளையும் ஒரே சோதனையில் அடைக்க 2015 ஆகிவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு வைரங்களுக்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியைப் பிணைத்தார்கள். அந்தத் தூரத்தைக் கடக்க ஒளிக்கு 4.27 மைக்ரோ விநாடி வேண்டும், கோணத்தைத் தேர்ந்தெடுப்பதும் விடையைப் படிப்பதும் அதற்குள் முடிந்துவிட்டன. எலக்ட்ரான்கள் ஃபோட்டான் போலக் காணாமல் போவதில்லை, எல்லா முயற்சிகளுக்கும் விடை பதிவானது. 220 மணி நேரம் ஓடி வெறும் 245 பதிவுகள், S = 2.42, பிழை ±0.20. பதிவுகள் குறைவு என்பதால் அட்டைகளே தற்செயலாக இப்படி ஒரு முடிவைத் தந்திருக்க ஏறத்தாழ 4 சதவீத வாய்ப்பு இருந்தது, அது மட்டும் தனியாக என்னைத் திருப்திப்படுத்தியிருக்காது. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களை வைத்து, மிக உயர்ந்த உணர்திறனோடு செய்த சோதனைகளில் அந்த வாய்ப்பு புறக்கணிக்கத்தக்க அளவுக்குச் சிறிதாகிவிட்டது. கிளாசர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெல் 1990-லேயே இறந்துவிட்டார்.

இனி, எது உறுதி, எது இன்னும் விவாதம் என்று பிரித்துக்கொள்வோம். உறுதியானது: விடைகள் அந்தந்த இடத்து விவரங்களாலும் கூடவே கொண்டுவந்த தகவலாலும் மட்டும் தீர்மானமாகின்றன, நம் கோணத் தேர்வு அந்தத் தகவலோடு தொடர்பற்றது என்ற இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்கிற எந்தக் கோட்பாடும் இந்த அளவீடுகளோடு ஒத்துப்போகாது. மறைமாறிகளே கிடையாது என்று இதற்குப் பொருள் இல்லை, பல கட்டுரைகளில் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1952-இல் டேவிட் போம் முன்வைத்த கோட்பாட்டில் துகள்களுக்கு எப்போதும் திட்டவட்டமான இடம் உண்டு, குவாண்டம் கணிப்புகள் எல்லாம் அப்படியே கிடைக்கின்றன, சமனிலியும் மீறப்படுகிறது. தொலைவில் இருக்கும் துகள்கள் ஒன்றையொன்று உடனடியாகப் பாதிப்பதை அது வெளிப்படையாக ஏற்றுக்கொள்வதால்தான் அதால் முடிகிறது. வேறு சிலர் அளக்காத கேள்விக்கும் ஒரு விடை இருந்தது என்ற எண்ணத்தையே கைவிடுகிறார்கள், வேறு சிலர் அளவீட்டுக்கு ஒரே ஒரு முடிவு உண்டு என்பதைக் கைவிடுகிறார்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சோதனை சொல்வதில்லை, இயற்பியலாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. கோணத் தேர்வும் அட்டையும் ஆதியிலேயே ஒரே காரணத்தால் இணைக்கப்பட்டிருக்கலாம் என்ற வாதத்தைத் தர்க்கத்தால் மட்டும் மறுக்க முடியாது. ஆனால் 2018-இல் பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவிலிருக்கும் குவாசர்களின் ஒளியை வைத்துக் கோணங்களைத் தேர்ந்தெடுத்தபோதும் சமனிலி மீறப்பட்டது. அப்படி ஒரு சதி இருந்தால் அது அந்த ஒளி கிளம்பிய காலத்துக்கும் முன்னாலேயே தொடங்கியிருக்க வேண்டும். அதை நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

அடுத்து உங்களுக்கு வரப்போகும் சந்தேகத்துக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: அப்படியானால் இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா? முடியாது. வலப்பக்கம் இருப்பவர் எந்தக் கோணத்தை வைத்தாலும், இடப்பக்கம் இருப்பவர் காண்பது பாதி கடக்கிறது, பாதி நிற்கிறது என்பதை மட்டுமே. அந்த 300-க்கும் 400-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்து வரிவரியாக ஒப்பிடும்போதுதான் தெரியவரும், பதிவேட்டைக் கொண்டுவருவதோ சாதாரண வேகத்தில்தான்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று. கோணங்களை 0°, 30°, 60° என்று மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையில் முதல் விடையும் மூன்றாவது விடையும் வேறுபட வேண்டுமென்றால், முதலாவதும் இரண்டாவதும் வேறுபட வேண்டும், அல்லது இரண்டாவதும் மூன்றாவதும் வேறுபட வேண்டும். ஆகவே 0°–60° வேறுபாடு மற்ற இரண்டு வேறுபாடுகளின் கூட்டலைத் தாண்டக் கூடாது. வேறுபடும் நிகழ்தகவு sin²θ. 30°-க்கு அது 25 சதவீதம், இரண்டையும் கூட்டினால் 50. 60°-க்கு 75. எட்டு அட்டைகளையும் ஒரு தாளில் எழுதி, எவ்வளவு வேண்டுமானாலும் கலந்து, 50, 75 என்ற இந்த இரண்டையும் சேர்த்துக் கொண்டுவர முடிகிறதா என்று முயன்று பாருங்கள், எந்த வரியில் சிக்குகிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.